ஆழம் மட்டும் ஏன்? ஒரு கேள்விக்கு இரண்டு விளக்கங்கள்

நாகமலை புதுக்கோட்டையில் தங்கை வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடியில் எந்தத் தண்ணீர்த் தொட்டியை வைப்பது என்று பேச்சு வந்தது. இரண்டுமே 1000 லிட்டர். ஒன்று ஒல்லியாக உயரமாக இருந்தது, மற்றது குட்டையாக அகலமாக. பொறியியல் முதலாண்டில் அப்போதுதான் சேர்ந்திருந்த தங்கை மகன் கேட்டான்: "மாமா, ரெண்டுலயும் ஒரே எடை தண்ணிதானே இருக்கு? அப்ப கீழ குழாய்ல பிரஷரும் ஒண்ணாத்தானே வரணும்?"

வராது. உயரமான தொட்டியில் 1.4 மீட்டர் தண்ணீர், குட்டையான தொட்டியில் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் அடியிலிருந்து கீழ்க் குழாய் 5 மீட்டர் இறக்கம். குழாயை மூடி வைத்திருக்கும்போது, முதல் தொட்டியில் அழுத்தம் 6.4 மீட்டர் தண்ணீருக்கு உரியது, அடுத்ததில் 5.9 மீட்டருக்கு உரியது. அதாவது ஏறத்தாழ 64,000 பாஸ்கல், 59,000 பாஸ்கல். தொட்டி காலியாகக் காலியாக இந்த வித்தியாசமும் கரைந்துவிடும். 1000 லிட்டருக்குப் பதில் 2000 லிட்டர் வாங்கினாலும், தண்ணீர் நிற்கும் மட்டம் அதேதான் என்றால் அழுத்தம் துளியும் கூடாது. தொட்டிக்கு அடியில் ஒரு மீட்டர் மேடை கட்டினால் 10,000 பாஸ்கல் கூடும்.

"P = ρgh தெரியும் மாமா. ஆனா ஏன் h மட்டும்?" என்றான். இதில் P அழுத்தம், ρ திரவத்தின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், h ஆழம். அந்த 'ஏன்' என்பதற்கு வகுப்பறைகளில் இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. முடிவில் வரும் சூத்திரம் ஒன்றுதான். ஆனால் ஒன்று பாதி வழியில் கைவிட்டுவிடும், மற்றது கடைசிவரை கூட வரும்.

முதல் விளக்கம் எல்லோரும் பள்ளியில் கேட்டது. ஒரு புள்ளிக்கு நேர் மேலே, நீர்மட்டம் வரை ஒரு தூண் போலத் தண்ணீர் நிற்கிறது. தூணின் பரப்பு A, உயரம் h என்றால் எடை ρghA. அதைப் பரப்பால் வகுத்தால் ρgh. பரப்பு அடிபட்டுப் போகிறது, ஆழம் மட்டும் மிஞ்சுகிறது. சுவர் செங்குத்தாக இருக்கும் டிரம்முக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் பாடமாக நானும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது விளக்கம் நீர்மட்டத்தைத் தேடிப் போகாது. தண்ணீருக்குள்ளேயே ஒரு மெல்லிய துண்டை மனத்தில் வெட்டி எடுத்துக்கொள்ளும். துண்டு அசையாமல் நிற்கிறது. அப்படியானால் கீழிருந்து தண்ணீர் தள்ளும் விசை, மேலிருந்து தள்ளும் விசையைவிடச் சரியாகத் துண்டின் எடை அளவுக்குக் கூடுதலாக இருந்தாக வேண்டும். துண்டின் தடிமன் dz என்றால் dP = ρg dz. அடுத்து, படுத்த வாக்கில் ஒரு மெல்லிய குச்சி போலத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதன் எடை கீழ்நோக்கி இழுக்கிறது, நீளவாக்கில் அதற்குப் பங்கே இல்லை. இரண்டு முனைகளிலும் அழுத்தம் வேறுபட்டால் குச்சி ஒரு பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை, ஆகவே இரு முனையிலும் அழுத்தம் சமம்.

இந்தக் குச்சியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். சுற்றியுள்ள தண்ணீர் அதை உராய்ந்து பிடித்துக்கொண்டால்? முனைகளில் அழுத்தம் வேறுபட்டும் குச்சி நிற்கலாமே? இங்கேதான் திரவத்தின் குணம் உள்ளே வருகிறது. ஓடாமல் நிற்கும் திரவத்தில் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் விசை, பாடப்புத்தகம் சறுக்கு விசை என்று சொல்வது, கிடையாது. அப்படி ஒரு விசை இருந்தால் திரவம் ஓடத் தொடங்கிவிடும், பிறகு அது நிற்கும் திரவம் இல்லை. எனவே தண்ணீர் எதைத் தள்ளினாலும் அதன் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் தள்ளும். ஒரு புள்ளியில் எல்லாத் திசையிலும் அழுத்தம் ஒன்றாக இருப்பதும் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் படிக்கட்டில் போவது போலப் போகலாம். கீழே இறங்கினால் ρg மடங்கு இறக்கம் கூடும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்றும் மாறாது. மேலே ஏறினால் குறையும். எந்த வழியில் போனாலும் கணக்கில் நிற்பது மொத்த இறக்கம் மட்டுமே.

டிரம்மை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, இரண்டும் ஒரே விடை தரும். அதனால் அவனுக்கு வேறொரு பாத்திரத்தைச் சிமெண்ட் மூட்டைத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். கீழே 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரப் பெட்டி, உயரம் 10 செ.மீ. அதன் மேல்தகட்டின் நடுவில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. கழுத்து, உயரம் 30 செ.மீ. விளிம்பு வரை தண்ணீர். பெட்டியில் 4 லிட்டர், கழுத்தில் 3 லிட்டர், மொத்தம் 7 கிலோ. g-ஐ 10 என்று எடுத்தால் எடை 70 நியூட்டன். வளிமண்டலம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

பெட்டியின் அடி மூலையில் ஒரு புள்ளி. அதற்கு நேர் மேலே 10 செ.மீ. தண்ணீர், அப்புறம் தகடு. மேலே உள்ள தண்ணீரின் எடைதான் அழுத்தம் என்றால் அங்கே 1000 பாஸ்கல் இருக்க வேண்டும். கழுத்துக்கு நேர் கீழே அடியின் நடுவில் 4000 பாஸ்கல். ஒரே தளத்தில் இரண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் நடுவிலிருந்து மூலைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுவதில்லை. முதல் விளக்கம் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. இரண்டாவது விளக்கத்தில் சிக்கலே இல்லை: கழுத்தின் வழியே 40 செ.மீ. இறங்கு, அப்படியே பக்கவாட்டில் மூலைக்குப் போ, 4000 பாஸ்கல்.

சரி, அடித்தகட்டின் மேல் மொத்த விசை எவ்வளவு? 4000 பாஸ்கலை 0.04 சதுர மீட்டரால் பெருக்கினால் 160 நியூட்டன். பையன் நிமிர்ந்து பார்த்தான். "தண்ணி எடையே எழுபதுதானே மாமா. மிச்சம் தொண்ணூறு எங்கருந்து வந்துச்சு?"

பெட்டியின் மேல்தகட்டில் கழுத்து போக மிச்சமுள்ள பரப்பு 0.03 சதுர மீட்டர். அது நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் அங்கே 3000 பாஸ்கல். அந்தத் தகட்டைத் தண்ணீர் 90 நியூட்டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளுகிறது, தகடு அதே 90 நியூட்டனோடு தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. எழுபதும் தொண்ணூறும் நூற்று அறுபது. மேலே இல்லாத தண்ணீரின் வேலையைத் தகடு செய்கிறது. தராசில் வைத்தால் 160 காட்டுமா என்றால், காட்டாது. பாத்திரத்தைத் தண்ணீர் அடியில் 160 கீழே தள்ளுகிறது, மேல்தகட்டில் 90 மேலே தள்ளுகிறது. பாத்திரத்தின் எடை போக, தராசுக்கு வந்து சேருவது அதே 70.

நம்பிக்கை வராவிட்டால் அந்த மேல்தகட்டில் ஆணியால் ஒரு சிறு துளை போடலாம். தண்ணீர் மேல்நோக்கிப் பீறிட்டு, கழுத்தில் உள்ள மட்டத்தை நெருங்கும் உயரத்துக்கு எழும்பும். பாத்திரத்தைத் தலைகீழாகச் செய்து, அகலப் பெட்டி மேலே, கழுத்து கீழே என்று வைத்தாலும் கணக்கு இடறாது. அடியில் அதே 4000 பாஸ்கல், பரப்பு 0.01, விசை 40 நியூட்டன். மிச்சம் 30 நியூட்டனை, 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் பெட்டியின் தகடு தாங்குகிறது. சாய்ந்த சுவர் கொண்ட அண்டாவோ குடமோ, இப்படிப்பட்ட சின்னச் சின்னப் படிகளின் கூட்டம்தான்.

நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விதி எங்கே செல்லாது என்பதையும் அதுதான் சொல்லித் தருகிறது. நெல் சேமித்து வைக்கும் குதிர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் செங்குத்து, மேலே எடை, எல்லாம் டிரம் மாதிரியே இருக்கிறது. முதல் விளக்கத்தை நம்பினால் நெல்லின் உயரம் கூடக் கூட அடியில் அழுத்தம் அதே வீதத்தில் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறாது. ஓரளவு உயரத்துக்குப் பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். நெல்மணிகள் சுவரை உராய்ந்து பிடிப்பதால் எடையின் பெரும்பகுதியைச் சுவரே சுமக்கிறது. யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1895-இல் இதற்குக் கணக்கு எழுதினார். நெல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு எடையில் இல்லை, இழுத்துப் பிடிக்கும் விசையில் இருக்கிறது. அந்த விசையைப் பற்றி முதல் விளக்கம் வாயே திறப்பதில்லை.

குழாயைத் திறந்ததும் அழுத்தம் இறங்குவதும் இதே கதைதான். தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது, குழாய்ச் சுவரோடு உராய்கிறது, போதாததற்கு வேகமும் எடுத்திருக்கிறது. ரெண்டு எல்போவும் அரை இஞ்ச் குழாயும் இருக்கும் வீட்டில் திறந்த குழாய்க்கு ρgh போட்டுப் பார்த்துவிட்டு சூத்திரம் தப்பு என்று சொல்லக் கூடாது. அது நிற்கும் தண்ணீருக்கு எழுதியது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. போகும் வழி முழுக்க அதே திரவமாக இருக்க வேண்டும். இதை அந்த வீட்டில் கொத்தனாரின் டியூப் லெவல் காட்டிக் கொடுத்தது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முன்தூணிலும் மறு முனையைப் பின்தூணிலும் பிடித்து மட்டம் குறிப்பார்கள். குழாய் நடுவில் மணல் மேலே ஏறி, செங்கல் அடுக்கைச் சுற்றி, எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். படிக்கட்டுக் கணக்கு அப்படியே கண்முன்னால். முதல் விளக்கத்தை வைத்து அந்த வளைவுகளுக்கு நேர் மேலே எதன் எடையைத் தேடுவது?

அன்றைக்கு ஏற்கெனவே சரிபார்த்த ஒரு குறியில் இரண்டு செ.மீ. பிசகு வந்தது. கொத்தனார் குழாயை முனையிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பின்தூணை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் பகுதியில், குழாயின் வாயை முழுதும் அடைத்துக்கொண்டு இரண்டு செ.மீ. நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி. அந்த இரண்டு செ.மீ.க்கு ஏறும்போது அழுத்தம் குறையவில்லை, காற்றுக்கு எடை அவ்வளவு சொற்பம். அதனால் பின்பக்கத் தண்ணீர் அதே இரண்டு செ.மீ. உயர்ந்து நின்றது. குமிழி தரையில் படுத்த பகுதியில் இருந்திருந்தால் பிசகே வந்திருக்காது.

"தம்பி, அந்த முனையத் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஓட்டினார். அது வெளியே போனதும் பின்தூணில் தண்ணீர் இறங்கி, பழைய பென்சில் கோட்டில் வந்து நின்றது.