நீல வில்லையா, பிளீச் கட்டியா? ஃப்ளாப்பர் இருக்கும் தொட்டிக்கு இரண்டும் வேண்டாம்

அமெரிக்கக் கடைகளில் ஃப்ளஷ் தொட்டிக்குள் போடும் நீல வில்லையும் வெள்ளைக் கட்டியும் ஒரே வரிசையில்தான் இருக்கும். நீலத்தில் பெரும்பாலும் சாயமும் சோப்பு வகையும். வெள்ளையில் குளோரினை மெல்ல வெளிவிடும் பிளீச். விலையிலும் வசதியிலும் பெரிய வித்தியாசமில்லை. கறை வராமல் தடுப்பதில் பிளீச் ஒரு படி மேல். இரண்டையும் எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். இப்போது தொட்டிக்குள் எதையும் போடுவதில்லை. காரணம் ஃப்ளாப்பர்.

தொட்டியின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ரப்பர் மூடி அது. பிளீச் கட்டியும் அதன் பக்கத்திலேயே கிடந்து கரைகிறது. அடிக்கடி ஃப்ளஷ் செய்தால் குளோரின் தண்ணீரோடு போய்விடும். இரவு முழுக்கத் தேங்கினால் செறிவு ஏறி ரப்பரைத் தின்னும். எங்கள் விருந்தினர் பாத்ரூமில் இது நன்றாகவே தெரிந்தது. தினமும் புழங்கும் பாத்ரூமைவிட, ஆள் வராத அந்த பாத்ரூமின் ஃப்ளாப்பர்தான் முதலில் கெட்டது. விளிம்பு நெளிந்திருந்தது, தொட்டால் விரலில் கருப்பு மை போல ஒட்டியது. சாதாரணமாகச் சில ஆண்டுகள் வரும் பொருள், சில மாதங்களில் போய்விடுகிறது.

ஃப்ளாப்பர் சில டாலர்தான். ஆனால் விளிம்பு நெளிந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். யாரும் தொடாமலே தொட்டி திடீரென்று நிரம்பும் சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். தொட்டியில் சில துளி உணவுச் சாயம் விட்டு, 10 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கிண்ணத்தில் நிறம் வந்தால் கசிவு உறுதி. நீல வில்லையில் எனக்குப் பிடிக்காதது இங்கேதான்: கிண்ணம் எப்போதும் நீலமாக இருப்பதால் கசிவு கண்ணுக்கே தெரியாது. வில்லையை எடுத்து, தண்ணீர் தெளியும்வரை ஃப்ளஷ் செய்த பிறகே சோதிக்க முடியும்.

குளோரின் இல்லாத நீல வில்லை ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது என்றே நினைக்கிறேன். நாங்கள் அதைப் போட்டது கொஞ்ச காலம்தான், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நீலமாக இருந்தும் பிளீச் கலந்தவை உண்டு, அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். குளோரினைத் தாங்கும் ஃப்ளாப்பர்களும் கிடைக்கின்றன. ஆனாலும் பிளீச் கட்டி போட்டால் தொட்டியின் உள்பாகங்களுக்கு வாரண்டி கிடையாது என்று பல டாய்லெட் தயாரிப்பாளர்கள் எழுதியே வைக்கிறார்கள்.

கிண்ண விளிம்பில் தொங்கவிடும் வகை போதும். அது தொட்டிக்குள் தேங்கும் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இல்லையென்றால் வாரம் ஒருமுறை பிரஷ். உப்புக்கறைக்கு ஆசிட் கிளீனர் ஊற்றுகிறவர்கள் முதலில் தொட்டியிலிருக்கும் பிளீச் கட்டியை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்துகொள்ளுங்கள். ஆசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.