ஒரு கட்டில் நாளுக்கு எவ்வளவு? மொத்தச் சராசரியா, பிரித்த கணக்கா?

வைத்தியசாலையின் தொழிற்பாட்டுக் கிரயத்துக்கு அலகு "நோயாளி இருந்த கட்டில் நாள்". அதை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வருடச் செலவு முழுவதையும் கூட்டி, வருடத்தில் நோயாளி இருந்த கட்டில் நாட்களால் பிரிப்பது. மற்றது, நிலையான கிரயத்தையும் மாறும் கிரயத்தையும் தனித்தனியே வைத்து, எந்த மாதம், எத்தனை நோயாளி என்று பார்த்து எண்ணிக்கை எடுப்பது. கட்டணம் தீர்மானிக்க வேண்டிய எந்த இடத்துக்கும் இரண்டாவதுதான் சரி என்பது என் நிலைப்பாடு. முதலாவதுக்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்.

கணக்குக்கு, ஏ9 வீதியோரம் 20 கட்டில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை. வன்னியில் மாரி மழையோடு டெங்கும் காய்ச்சலும் கூடும். டிசெம்பரில் சராசரி 17 கட்டில் நிரம்புகிறது, ஓகஸ்டில் 8 தான். வருடம் முழுவதற்கும் சராசரி 12. ஆக இருக்கிற கட்டில் நாள் 7,300, நோயாளி இருந்த கட்டில் நாள் 4,380.

மாத நிலையான கிரயம் இப்படி வருகிறது. கட்டட வாடகை 200,000 ரூபா. அதில் வெளிநோயாளர் பகுதி தளத்தின் கால்வாசியைப் பிடிப்பதால் விடுதிக்கு வருவது 150,000. வைத்தியர், தாதியர், சுத்திகரிப்பு, காவல் ஆகியோருக்கு விடுதிக் கடமை நேரத்துக்குரிய சம்பளம் 1,000,000. இதோடு நின்றுவிடக் கூடாது: தொழில்தருநர் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்ந்தால் 1,150,000. கட்டில், மொனிட்டர், ஜெனரேட்டர் ஆகியவை 12,000,000 ரூபா பெறுமதி, 10 வருடம் உழைக்கும் என்றால் பெறுமானத் தேய்வு மாதம் 100,000. திருத்த ஒப்பந்தமும் காப்புறுதியும் 60,000. மின்சாரத்தின் நிலையான பங்கு 40,000. மொத்தம் 1,500,000.

மாறும் கிரயம் ஒரு கட்டில் நாளுக்கு: சாப்பாடு 900, துணி சலவை 240, கையுறை, கனூலா, பஞ்சு போன்ற விடுதிப் பாவனைப் பொருட்கள் 500, மின்சாரம் 160. கூட்டினால் 1,800. மருந்தும் விசேட வைத்தியர் கட்டணமும் நோயாளியின் பற்றுச்சீட்டில் தனியே போவதால் இங்கே சேரா. ஒருவரிடம் வாங்கி அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கிற பணத்தைக் கட்டில் கிரயத்தில் போட்டால், அந்த மாதம் எத்தனை சத்திரசிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஆடும்.

மின்சாரத்தைப் பிரித்த விதத்தைச் சொல்ல வேண்டும், பலர் சறுக்குவது அங்கேதான். மின்கட்டணம் அரை மாறும் கிரயம். கூடின மாதத்தையும் குறைந்த மாதத்தையும் எடுத்து வித்தியாசம் பார்ப்பது வழக்கம். அதை ரூபாவில் செய்யக் கூடாது. இடையில் கட்டண வீதம் திருத்தப்பட்டிருந்தால் அந்த மாற்றமும் நோயாளி எண்ணிக்கையின் தலையில் விழும். அலகுகளில் செய்யுங்கள். ஓகஸ்டில் 248 கட்டில் நாளுக்கு 1,992 அலகு, டிசெம்பரில் 527 கட்டில் நாளுக்கு 3,108 அலகு என்றால், வித்தியாசம் 1,116 அலகு. அதை 279 ஆல் பிரித்தால் கட்டில் நாளுக்கு 4 அலகு. ஓகஸ்ட் அலகில் 992 ஐக் கழித்தால் மிச்சம் 1,000 அலகு நிலையானது. இன்றைய வீதம் அலகுக்கு 40 ரூபா என்று வைத்தால் 160 உம் 40,000 உம் வருகின்றன. இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓகஸ்ட் வெயிலில் மின்விசிறியும் குளிரூட்டியும் ஓயாமல் ஓடும், டிசெம்பரில் அப்படி இல்லை. அதனால் இந்த 4 அலகு உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பன்னிரண்டு மாதத்தையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெனரேட்டர் டீசலை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். அது கரண்ட் நின்ற நேரத்தோடு மாறுமே தவிர, நோயாளியோடு மாறாது.

இன்னொரு செலவு நிலையானதும் அல்ல, மாறுவதும் அல்ல. படிப்படியாக ஏறுவது. ஒரு நாளில் 15 பேர் வரை இருக்கிற தாதியர் சமாளிப்பர். 16 ஆவது ஆள் வந்ததும் மேலதிகமாக இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும், ஆளுக்கு 3,500 படி நாளுக்கு 7,000. டிசெம்பரில் அப்படி 20 நாள், அதாவது 140,000. வருடத்தில் 60 நாள், 420,000.

இப்போது இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வருட மொத்தம்: நிலையானது 18,000,000, மாறுவது 7,884,000, படிச் செலவு 420,000. கூட்டு 26,304,000. 4,380 ஆல் பிரித்தால் மொத்தச் சராசரி 6,005 ரூபா. பிரித்த கணக்கில் ஓகஸ்ட் மாதக் கட்டில் நாள் 7,848 ரூபா. அதில் 6,048 ரூபா நிலையான பங்கு. டிசெம்பரில் 4,912 ரூபா; நிலையானது 2,846, மாறுவது 1,800, படிச் செலவு 266. 6,005 என்ற எண்ணிக்கைக்கு இந்த இரண்டு மாதத்திலும் இடமில்லை.

சரி, சராசரி வருட நடுவில் நிற்கும், அதனால் என்ன குறை என்று கேட்கலாம். தீர்மானம் எடுக்கும்போதுதான் குறை தெரியும். ஓகஸ்டில் ஒரு நிறுவனம் தன் ஊழியர் ஐந்து பேரைப் பத்து நாளைக்கு, கட்டில் நாளுக்கு 4,500 ரூபாவுக்கு ஏற்கச் சொல்கிறது. சராசரியை வைத்திருப்பவர் "நாளுக்கு 1,505 நட்டம்" என்று திருப்பி அனுப்புவார். உண்மையில் அந்த ஐந்து பேர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும் சம்பளமும் ஒன்றே. கூடுவது 1,800 மட்டும். 8 பேரோடு ஐந்து பேர் சேர்ந்து 13, 15 ஐத் தாண்டவில்லை. 4,500 இல் 1,800 போக நிலையான கிரயத்தைத் தாங்க மிஞ்சும் பங்களிப்பு கட்டில் நாளுக்கு 2,700, 50 கட்டில் நாளுக்கு 135,000 ரூபா. அதைத்தான் விட்டுவிட்டார்.

அதே விலை, விடுதியில் 14 பேர் இருக்கிற நாளில் வந்தால் கதை வேறு. இரண்டு பேரை ஏற்றால் எண்ணிக்கை 16. பங்களிப்பு 5,400, மேலதிகத் தாதியருக்கு 7,000, நாளுக்கு 1,600 நட்டம். மூன்று பேரை ஏற்றால் 1,100 மிச்சம், ஐந்து பேரென்றால் 6,500. இரண்டு பேரில் நட்டம், மூன்று பேரில் இலாபம் என்பதைச் சராசரி எந்த விதத்திலும் காட்டாது. என் சாய்வுக்குப் பெரிய காரணம் இந்தப் படிதான். உங்கள் விடுதியில் படி 15 இல் இருக்காது. கடமைப் பட்டியலை எடுத்து, எந்த எண்ணிக்கையில் மேலதிக ஆள் வந்தார் என்று மூன்று மாதத்துக்குக் குறித்துப் பாருங்கள்.

கட்டணம் 6,500 என்றால் சராசரி "நாளுக்கு 495 இலாபம்" என்கிறது. நிரம்பல் 60 வீதத்திலிருந்து 50 வீதத்துக்கு, அதாவது 3,650 கட்டில் நாளுக்கு இறங்கினால், அந்தக் கணக்கின்படி 18 இலட்சம் இலாபம் இன்னும் மிஞ்ச வேண்டும். பிரித்துப் பார்த்தால் பங்களிப்பு 4,700 படி 17,155,000, நிலையான கிரயம் 18,000,000. மேலதிகத் தாதியரை ஒரு நாளும் கூப்பிடாவிட்டாலும் 845,000 நட்டம். படிச் செலவு 420,000 ஐயும் சேர்த்தால் இலாபமோ நட்டமோ இல்லாத இடம் 3,920 கட்டில் நாள், ஏறக்குறைய 54 வீத நிரம்பல்.

எந்த வழியில் போனாலும் பிரிக்கும் எண் பிழைத்தால் எல்லாம் பிழை. கட்டில் நாளை நள்ளிரவுக் கணக்கெடுப்பில் எடுக்க வேண்டும்: அனுமதித்த நாள் சேரும், வீடு திரும்பிய நாள் சேராது. காலையில் வந்து மாலையில் போனவரை ஒரு நாளாக எண்ணுவதா, தனிப் பட்டியலில் வைப்பதா என்று முதலிலேயே முடிவெடுத்து வருடம் முழுக்க மாற்றாமல் இருங்கள். பலர் அனுமதிப் பதிவேட்டைப் பார்த்து இரண்டு முனை நாளையும் எண்ணிவிடுவர். சராசரித் தங்கல் 3 நாள் என்றால் வருடம் 1,460 அனுமதி, அத்தனை நாளும் கூடி 5,840 ஆகும். கிரயம் 4,504 க்கு இறங்கிவிடும், செலவில் ஒரு சதம்கூடக் குறையாமலே. பிடிப்பது எளிது. சமையலறையின் இராச் சாப்பாட்டு எண்ணிக்கையை, கணக்கில் எடுத்த கட்டில் நாளோடு ஒப்பிடுங்கள். துணைக்கு நிற்பவரின் சாப்பாட்டைக் கழித்த பிறகு, அதைவிடக் கட்டில் நாள் மிக அதிகமாக நின்றால், யாரோ இரண்டு தரம் எண்ணியிருக்கிறார்.

மொத்தச் சராசரி போதுமான இடம் அரசாங்க வைத்தியசாலை. அங்கே பொது விடுதி நோயாளியிடம் கட்டணம் இல்லை, விலை குறிக்கும் தேவையும் இல்லை. போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடவும், ஒரே அளவுள்ள வைத்தியசாலைகளை அருகருகே வைக்கவும் ஒற்றை எண்ணிக்கை கைக்கு அடக்கம். ஆனால் காசுப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கூட்டினால் மருந்து விடுபடும். அது பெரும்பாலும் மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து பொருளாக வருவது, வைத்தியசாலை காசு கட்டி வாங்குவதல்ல. களஞ்சிய விநியோகப் பதிவிலிருந்து பெறுமதி போட்டுச் சேர்க்க வேண்டும். ஒப்பிடும்போது நிரம்பல் வீதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். 40 வீதம் நிரம்பிய இடம் 85 வீதம் நிரம்பிய இடத்தைவிட ஊதாரி போலத் தெரியும். மேலே ஓகஸ்டும் டிசெம்பரும் காட்டியது அதே வித்தியாசம்தான்.

பொது விடுதிக்கு இவ்வளவையும் உறுதியாகச் சொல்வேன். குளிரூட்டிய தனியறையும் பொதுக் கட்டிலும் ஒரே தளத்தில் இருந்தால் என் உறுதி தளர்கிறது. தனியறை நாளை ஒன்றரைக் கட்டில் நாளாக எண்ணி நிலையான கிரயத்தைப் பகிர்வோர் உண்டு. தளப் பரப்பையும் தாதியர் செலவிடும் நேரத்தையும் அளக்காமல் போட்டால் அந்த ஒன்றரை ஊகம்தான். அளக்க வசதி இல்லாத இடத்தில் நான் மாறும் கிரயத்தை மட்டும் அறைவாரியாகப் பிரித்து, நிலையானதை முழுத்தொகையாக ஒரே இடத்தில் விட்டுவைப்பேன்.