இஎஸ்பிபி-ல ஆறு வருஷம்: 15% தள்ளுபடில கைக்கு எவ்வளவு வருது?

லாஸ்பேட்டைல வீட்ல இருந்தே ஒரு அமெரிக்க கம்பெனிக்கு வேலை பாக்கறேன், அவங்க இஎஸ்பிபி-ல, அதாவது வேலை பாக்கறவங்களுக்கு கம்பெனி ஷேர தள்ளுபடில தர்ற திட்டத்துல, சேந்து ஆறு வருஷம் ஆச்சு. கடலூர்ல இருக்க மச்சானுக்கும் இப்ப புது கம்பெனில இதே மாதிரி வந்திருக்கு, "மாமா, 15 சதவீதம் தள்ளுபடியாம், சேந்துடலாமா"ன்னு போன் பண்ணான். அவனுக்கு போட்டுக் காட்டின கணக்குதான் இது.

சம்பளத்துல மாசம் 20,000 புடிக்கிறாங்கன்னு வைங்க, ஆறு மாசத்துல 1,20,000 சேருது, கடைசி நாள் அந்தக் காசுக்கு 15 சதவீதம் கம்மி விலைல ஷேர் வாங்கித் தர்றாங்க, அதோட மார்க்கெட் மதிப்பு சுமார் 1,41,176. வித்தியாசம் 21,176 நம்ம லாபம்னு தோணும், ஆனா வரி கணக்குல அது சம்பளத்தோட சேரும், ஷேர நீங்க விக்கலன்னாலும் சரி. 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 31.2 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 6,600 ரூபா டிடிஎஸ் போயிரும். எனக்கு முதல் தடவ அந்த மாச பேஸ்லிப்ப பாத்தப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு, கைக்கு வர்ற சம்பளம் அவ்வளவு கொறஞ்சிருந்துச்சு.

மீதி 14,500 சொச்சம். காசு சராசரியா மூணு மாசம்தான் முடங்கி இருக்கு, அதனால நல்ல லாபம்தான், ஆனா வந்த உடனே வித்தா மட்டும். ஷேர் விலை 10 சதவீதத்துக்கு மேல எறங்கிச்சுன்னா நம்ம போட்ட காசும் கட்டின வரியும் முழுசா திரும்பாது.

நான் பட்டது அங்கதான். 24 மாசம் வச்சிருந்தா லாங் டேர்ம் ஆகும், வரி கம்மின்னு 2021 கடைசில வாங்கினத விக்காம வச்சிருந்தேன், 2022-ல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. வாங்கின அன்னிக்கு இருந்த விலைக்கு கட்டின வரி திரும்ப வராது, ஷேர்ல வந்த நஷ்டத்த சம்பளத்துல கழிக்கவும் முடியாது. இப்பல்லாம் அக்கவுண்ட்ல ஷேர் தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே, அமெரிக்கா மார்க்கெட் தொறந்ததும் வித்துடறேன். வித்தாலும் ஐடிஆர்-2-ல வெளிநாட்டு சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ-ல காட்டணும், அத மட்டும் விட்றாதீங்க.

இன்னொன்னு, லுக்பேக் இருக்கான்னு பாருங்க, அதாவது ஆரம்ப விலை, கடைசி விலை ரெண்டுல எது கம்மியோ அதுலேர்ந்து தள்ளுபடி தர்றது. ஆரம்பத்துல 100 டாலர், கடைசில 120-ன்னா லுக்பேக் இருந்தா 85-க்கு கிடைக்கும், இல்லன்னா 102. 80-க்கு எறங்கினா ரெண்டுலயும் 68-தான், அதனால லுக்பேக்ல நமக்கு இழப்பே கிடையாது.

மச்சானோட பேப்பர்ல லுக்பேக்கும் இல்ல, வாங்கி ஒரு வருஷம் விக்கவும் கூடாதுன்னு போட்டிருக்கு. ஒரு வருஷத்துல 10 சதவீதம் எறங்கறது சாதாரணம், அதனால சேரவேணாம்னு சொன்னேன். அந்த ஒரு வருஷம் எல்லாருக்கும்தானான்னு திங்கக்கிழமை எச்ஆர்கிட்ட கேக்கறேன்னுருக்கான்.