ஒவ்வொன்றாக மாற்றுவதா, எட்டையும் ஓட்டுவதா?

செக்கு எண்ணெய் விளம்பரம். தொடக்க வரியான ஹுக், ஆஃபர், ஃபார்மட் மூன்றுக்கும் இரண்டிரண்டு வகை. செலவு 8,000 ரூபாய்.

வேலை: ஒவ்வொன்றாக மாற்றினால், மூல விளம்பரத்தோடு நான்கு போதும். எல்லாச் சேர்க்கைக்கும் எட்டு வேண்டும்.

தெளிவு: நான்கில் ஒவ்வொரு ஒப்பீடும் 2,000-க்கு 2,000. எட்டில் இலவச டெலிவரி சொல்லும் நான்கும் தள்ளுபடி சொல்லும் நான்கும் மோதும், 4,000-க்கு 4,000. அதே பணம்தான், ஆனால் ஆதாரம் இரட்டிப்பு!

கூட்டு விளைவு: கேள்வி ஹுக் வீடியோவில் மட்டும் எடுபடுகிறதா என்பது எட்டில்தான் தெரியவரும், அதற்கும் ஆர்டர்கள் நிறைய வேண்டும்.

எதுவானாலும் எல்லா விளம்பரங்களையும் ஒரே பட்ஜெட்டைப் பகிரும் ஒரே ஆட் செட்டில் போடாதீர்கள். மெட்டா ஒன்றுக்கே பணத்தைக் கொட்டிவிடும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பார்வையாளர்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

எட்டு தயாரிக்க ஆள் இருந்தால் எட்டு. வீடியோ எடுப்பதே பெரும்பாடு என்றால் நான்கு. ஆஃபரை முதலில் மாற்றுங்கள்.