நீண்ட ஃபீடருக்கு எந்த டேப் சேஞ்சர்: ஆன்-லோடா, ஆஃப்-லோடா?

துணைமின்நிலையத்தின் 33/11 கிலோவோல்ட் மின்மாற்றியை மாற்ற வேண்டியிருந்தபோது இந்தக் கேள்வி என் முன் வந்தது. மின்மாற்றிச் சுருளின் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்து வெளியீட்டு மின்னழுத்தத்தைச் சரிசெய்வது டேப் சேஞ்சர். ஆன்-லோடு வகை மின்சாரம் ஓடும்போதே மாறும், ஆஃப்-லோடு வகையை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மாற்ற முடியும். துணைமின்நிலையத்திலிருந்து புறப்படும் 11 கிலோவோல்ட் ஃபீடர் லைனுக்காக ஆன்-லோடு வகையையே தேர்ந்தெடுத்தேன். விலையும் பராமரிப்பும் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஆஃப்-லோடு டேப் மின்னழுத்தத்தை மேலேயோ கீழேயோ நகர்த்துமே தவிர, இரவுக்கும் உச்சநேரத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஃபீடரின் கடைக்கோடி வரை ரெசிஸ்டன்ஸ் 3 ஓம், ரியாக்டன்ஸ் 2.5 ஓம், பவர் ஃபாக்டர் 0.85, லோடு முழுவதும் கடைசியில் இருப்பதாகக் கொள்வோம். √3·I·(R cosφ + X sinφ) என்ற சூத்திரப்படி, உச்சநேரத்து 140 ஆம்பியருக்குச் சுமார் 940 வோல்ட் இறங்கும். நள்ளிரவின் 30 ஆம்பியருக்கு 200 வோல்ட் மட்டுமே இறங்கும். தொடக்கத்தில் மாறாத 11,000 வோல்ட் இருந்தால், கடைக்கோடியில் அது 10,060-க்கும் 10,800-க்கும் இடையே ஊசலாடும்.

அங்குள்ள 11,000/433 வோல்ட் விநியோக மின்மாற்றியில் ஆஃப்-லோடு டேப் நடுநிலையில் இருந்தால், மின்மாற்றிக்குள்ளும் தாழ்வழுத்தக் கம்பியிலும் ஏற்படும் இறக்கங்கள் போக, கடைசி நுகர்வோருக்கு உச்சநேரத்தில் 206 வோல்ட்தான் மிஞ்சும். 230 வோல்ட்டில் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் அனுமதித்தால் கிடைக்கும் 207 முதல் 253 வரையான எல்லைக்கு இது வெளியே. டேப்பை மைனஸ் 5 சதவீதத்துக்கு, அதாவது 10,450 வோல்ட் நிலைக்குக் கொண்டுபோனால் அவருக்கு 218 கிடைக்கிறது. ஆனால் இரவில் மின்மாற்றிக்கு அருகில் இருப்பவருக்கு 256 போகிறது. மைனஸ் 2.5 சதவீதத்தில் உச்சநேரத்தில் 212, இரவில் 250 என்று இரண்டும் எல்லைக்குள் அடங்குகின்றன. லோடு 180 ஆம்பியருக்கு வளர்ந்தால் கடைசி நுகர்வோர் 200-க்கே இறங்கிவிடுவார். அதன்பின் எந்த நிலையான டேப்பும் இரவையும் உச்சநேரத்தையும் சேர்த்து எல்லைக்குள் வைக்காது.

ஆன்-லோடு டேப் சேஞ்சர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஒரு படி 1.25 சதவீதம், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டைவர்ட்டர் சுவிட்ச், இடைநிலை ரெசிஸ்டர்களின் வழியாகக் கரண்டை அடுத்த டேப்புக்குக் கடத்திவிடும். கரண்ட் ஏறும்போது மின்னழுத்தத்தை உயர்த்தும் லைன் டிராப் காம்பன்சேஷனைச் சேர்த்து, அதே 140 ஆம்பியர் உச்சநேரத்தில் மூன்று படி ஏற்றினால் தொடக்கத்தில் 11,410. இரவில் ஒரு படி இறக்கினால் 10,860. கடைக்கோடியில் இப்போது 10,470-ம் 10,660-ம் கிடைக்கின்றன. 740 வோல்ட் ஊசலாட்டம் 190-ஆகச் சுருங்கிவிட்டது, மைனஸ் 2.5 டேப்பிலேயே கடைசி நுகர்வோருக்கு 221 வோல்ட் கிடைக்கிறது, இரவின் உச்சம் 247-ஐத் தாண்டுவதில்லை.

ஆனால் துணைமின்நிலையத்துக்கு அருகிலுள்ள முதல் மின்மாற்றியை மறந்துவிடக் கூடாது. உச்சநேரத்தின் 11,410 வோல்ட் அதற்கு இறக்கமின்றி அப்படியே போய்ச் சேர்வதால், அதன் ஆஃப்-லோடு டேப் நடுநிலையில் இருந்தால், மின்மாற்றிக்குள் ஏற்படும் இறக்கம் போகவும் வெளியீடு 252 வோல்ட்டைத் தொடும். அதைப் பிளஸ் 2.5 சதவீதத்துக்கு மாற்றினால் 246 ஆகும். எனவே என் தேர்வு உண்மையில் இரண்டும் சேர்ந்தது: மாறும் இறக்கத்தை மூலத்தில் ஆன்-லோடு பார்த்துக்கொள்கிறது, இடத்துக்கு இடம் மாறும் இறக்கத்தை ஆஃப்-லோடு பார்த்துக்கொள்கிறது.

பராமரிப்பில் ஆஃப்-லோடுக்கே வெற்றி, சந்தேகமில்லை. இருப்பினும் அதன் டேப்பை மாற்ற லோடை இறக்கினால் மட்டும் போதாது. மின்மாற்றியை இருபுறமும் துண்டித்து எர்த் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த தொடுமுனைகளில் படலம் படிந்திருக்கும். ஆகவே கைப்பிடியைச் சிலமுறை முழுவதும் சுற்றிவிட்டு, புதிய நிலையில் பூட்டி, சுருளின் ரெசிஸ்டன்ஸை மூன்று ஃபேஸிலும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தால் அங்கே தொடுமுனை சரியாக அமரவில்லை என்று பொருள். ஆன்-லோடில் டைவர்ட்டர் அறையின் எண்ணெய் ஒவ்வொரு மாற்றத்திலும் கரிபடிந்து கறுக்கிறது. அதனால்தான் கட்டுப்பாட்டு ரிலே டேப்பை மாற்றாமல் பொறுத்துக்கொள்ளும் மின்னழுத்தப் பட்டையின் அகலத்தை ஒரு படியை விடத் தாராளமாகவும், தாமதத்தை ஒரு நிமிடத்தை ஒட்டியும் வைக்கிறோம். இல்லாவிட்டால் அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்து டேப் மாற்றங்களின் எண்ணிக்கையை வீணாக ஏற்றும். வெற்றிடத்துக்குள் சுவிட்ச் இயங்கும் வகையில் இந்தக் கரித்தொல்லை வெகுவாகக் குறைகிறது, ஆனால் அதன் நீண்டகால நடத்தையைச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் போதாது. கூரைச் சூரிய மின்சாரம் எதிர்த்திசையில் பாயும் ஃபீடரிலும் காம்பன்சேஷனை இதே துணிச்சலுடன் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது கரண்டைப் பார்த்துத்தான் இறக்கத்தை ஊகிக்கிறது.

ஃபீடர் குட்டையாக இருந்து, இரவில் மின்மாற்றி முனையில் அளந்த வோல்ட்டுக்கும் உச்சநேரத்தில் கடைசிக் கம்பத்தில் அளந்த வோல்ட்டுக்கும் வித்தியாசம், 207-க்கும் 253-க்கும் இடைவெளியான 46 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இருந்தால், ஆஃப்-லோடு டேப்பைச் சரியான நிலையில் வைத்தாலே போதும். ஆன்-லோடுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.