பந்தயச் செயலியில் ‘வென்ற’ பணத்தை எடுக்க முன்கூட்டியே வரி கேட்டால் கட்டாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தம்பி, நேரில் சொல்லக் கூசி எழுதிக் கொடுத்த கடிதத்தின் ஒரு பகுதியை அவனுடைய சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

“அண்ணா, கிரிக்கெட் பந்தயத்தில் பணத்தை விட்டதை இத்தனை நாளும் உங்களிடம் மறைத்துவிட்டேன். மனைவியின் வளையல்களை வங்கியில் அடகு வைத்து 1,40,000 ரூபாய் எடுத்தேன். உடன் வேலை செய்பவர்களிடம் 60,000, கடன் செயலிகளில் 54,000, பாடியில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் பத்து வட்டிக்கு 80,000 வாங்கியிருக்கிறேன். ஆனால் பந்தயக் கணக்கில் இப்போது 4,20,000 ரூபாய் இருக்கிறது. அதை எடுக்க 30 சதவீத வரியாக 1,26,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். நீங்கள் மொத்தமாக 4,60,000 கொடுத்து உதவினால், அந்தப் பணம் வந்த அன்றே பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுவேன்.”

கடன் தொகையைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது அந்த வரிக் கணக்குதான். அவன் கேட்ட தொகையில் கால் பங்குக்கும் மேல், கடனை அடைப்பதற்காக அல்லாமல், ஏமாற்றியவர்களுக்கே மறுபடியும் அனுப்புவதற்காக இருந்தது; அது அவனுக்குப் புரியவே இல்லை.

டெலிகிராமில் ‘டிப்ஸ்’ கொடுக்கும் ஒரு சேனல் வழியாக அவனுக்கு அந்தச் செயலி கிடைத்திருக்கிறது. தொடக்கத்தில் 500 ரூபாய் போட்டபோது 1,200 ரூபாய் சில நிமிடங்களில் வங்கிக் கணக்குக்கே வந்துவிட்டது. தொகை பெரிதான பிறகுதான் பணம் வெளியே வருவது நின்றது. அவனுடைய வங்கி அறிக்கையைத் திருவல்லிக்கேணியில் என் வீட்டு மேசையில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். ஒரு தடவை ஜவுளிக்கடை, அடுத்த தடவை மளிகைக்கடை, பிறகு யாரோ ஒரு தனிநபர் என்று, அனுப்பிய பணம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்குப் போயிருந்தது. நேர்மையாக நடக்கும் நிறுவனம் எதுவும் இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகளில் பணம் வாங்காது.

இனி வரிக்கு வருகிறேன். இணைய விளையாட்டில் வென்ற தொகைக்கு 30 சதவீத வரி என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உண்மையான விதிதான். பொய்யை அதன் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த வரியைப் பணம் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு, வென்றவரின் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்த வேண்டும். வென்றவர் முன்பணமாக யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதோடு, வரி நிகர வெற்றிக்கு மட்டுமே. தம்பி உள்ளே போட்டது 3,20,000 ரூபாய் என்பதால், திரையில் தெரிந்த 4,20,000 உண்மையாகவே இருந்திருந்தாலும் வரி ஒரு லட்சத்துக்குத்தான், அதாவது 30,000 ரூபாய்தான் வரும். “வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்” என்று அவனை விட்டே கேட்கச் சொன்னேன். “சிஸ்டம் லாக் ஆகிவிட்டது, முதலில் கட்டினால்தான் திறக்கும்” என்று பதில் வந்தது. கழித்துக் கொடுக்க அங்கே பணமே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

தம்பி கேட்டதில் அந்த ‘வரி’ போக மீதமிருந்த 3,34,000 ரூபாய்க் கடனுக்கான பணத்தை என்னால் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. வட்டி எங்கே கொல்கிறதோ அங்கே முதலில் கை வைத்தோம். ஃபைனான்ஸ்காரர் 80,000 என்று எழுதி வாங்கிவிட்டு, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 72,000தான் கையில் கொடுத்திருந்தார். நான் தம்பியிடம் பணத்தைத் தராமல் அவனோடு நேரில் போய் அசலைக் கட்டி, புரோநோட்டையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் திரும்ப வாங்கிய பிறகே வெளியே வந்தேன். கந்துவட்டிக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும், அவர் அந்த மாத வட்டியைக் கேட்கவில்லை. அடுத்தது கடன் செயலிகள். நகைக்கடனுக்கு இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்திருக்கிறோம். உடன் வேலை செய்பவர்கள் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

சைபர் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதற்குள் பெரும்பாலான பணம் அந்தக் கணக்குகளிலிருந்து கைமாறியிருந்தது. பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் முடக்க வாய்ப்பு அதிகம். வெட்கத்தில் தம்பி டெலிகிராம் உரையாடல்களை எல்லாம் அழித்துவிட்டான். நல்லவேளையாக ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணும் வங்கி அறிக்கையில் இருந்தது, புகாருக்கு அதுவே கைகொடுத்தது. உங்கள் வீட்டில் யாராவது சிக்கியிருந்தால், திட்டுவதற்கு முன்பு எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புகார் கொடுத்த பிறகும் அந்தச் சேனலிலிருந்து தம்பிக்குச் செய்தி வந்தது. பண்டிகையை முன்னிட்டு வரியைப் பாதியாக்கியிருக்கிறார்களாம். 63,000 ரூபாய் கட்டினால் போதுமாம்.