நாய்க்கான பாராசிட்டமால் அளவு பூனைக்குப் பொருந்துமா?

நாயின் கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றிவிடுவதால், மருத்துவர் அதற்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிட்டுத் தர முடிகிறது. பூனையிலோ அந்த இணைப்பைச் செய்யும் முக்கிய நொதியின் மரபணுவே செயலிழந்திருக்கிறது. மாற்று வழியான சல்பேட் இணைப்பும் விரைவில் நிரம்பிவிட, எஞ்சிய மருந்து நச்சுப்பொருளாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது.

ஆகவே நாயின் அளவை எடைக்கேற்பக் குறைத்துக் கொடுப்பது மிக ஆபத்தானது. 4 கிலோ பூனைக்கு அக்கணக்கில் வரும் 40 மில்லிகிராம், 500 மில்லிகிராம் மாத்திரையின் ஒரு துணுக்குதான், ஆனாலும் நஞ்சாகலாம். பூனைக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. பழுப்பு அல்லது நீலம் படர்ந்த ஈறு, மூச்சிரைப்பு, முகத்திலும் பாதங்களிலும் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். அவை தோன்றும்வரை காத்திராமல், பூனை மருந்தை விழுங்கியது தெரிந்தவுடனேயே மருத்துவரிடம் கொண்டுசென்றால், முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் பலனளிக்க வாய்ப்பு அதிகம்.